உள்ளே தங்காத மருந்து

முதல் கீமோவுக்குப் பிறகு மகளின் முடி கொட்டத் தொடங்கிய காலையில், குளியலறைத் தரையில் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்தாள் என் மனைவி. கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அந்த முகத்தில் ஏதோ ஒரு திருப்தியும் தெரிந்தது.

“மருந்து பிடிச்சிட்டுது,” என்றாள். “வருத்துது எண்டா வேலை செய்யுது.”

நானும் அதை நம்பினேன். கசக்காத மருந்தை எங்கள் வீடுகளில் யாரும் மருந்தாக மதித்ததில்லை. மகள் சாப்பிட்டதைச் சத்தி எடுத்தால் ஒரு கணக்கு, சாப்பாடு கசந்தால் இன்னொரு கணக்கு. எல்லாவற்றையும் அந்த நோய்க்கு விழுந்த அடியாகவே எண்ணிக்கொண்டோம். மகள் மட்டும் அப்போதே சிரித்தாள். “அப்பிடியெண்டா படிக்கேக்க பட்ட பாட்டுக்கு நான் இவ்வளவுக்கும் பிஎச்.டி. வாங்கியிருக்க வேணும் அம்மா.”

அவள் எங்கள் ஒரே பிள்ளை. உயர்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். முப்பது கடந்து சொந்தமாக ஒரு சிறிய பிளாட் எடுத்து வாழ்ந்தவள், நோய் வந்த பிறகு கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு, தன் பழைய அறைக்கே திரும்பி வந்தாள். நோய் தெரிவதற்கு முன், வயிறு ஊதுகிறது, ஜீன்ஸ் பொத்தான் பூட்ட முடியவில்லை என்று சொன்னபோது, பள்ளிக்கூடக் கன்டீன் சாப்பாடு என்று நாங்கள் பகிடி பண்ணினோம். புற்றுநோய் சூலகத்தில் தொடங்கி வயிற்றின் உட்சவ்வெல்லாம் பரவியிருந்தது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். டி.என்.ஏ. உடைந்தால் அதைச் சரியாகத் திருத்துவதற்கென்று எல்லோர் உடம்பிலும் ஒரு மரபணு இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. மகளிடம் ஒரு பிரதி பழுதாக இருந்தது. எங்கள் இருவரின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பழுது என்னிடமிருந்து வந்திருந்தது.

என் அக்கா போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வயிற்றில் நீர் கட்டி இறந்தவர். மருந்தில்லாமல் இறந்தார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இங்கே, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்த மரபியல் ஆலோசகர் அக்காவுக்கு ஒரு வட்டம் போட்டு அதன் மேல் கோடு இழுத்தார். அந்த வட்டத்திலிருந்து என் வழியாக மகளுக்கு இறங்கிய கோட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

புற்றுநோய் மருத்துவர் உயரமான, மெதுவாகப் பேசும் ஓர் ஆங்கிலேயப் பெண். என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். இந்தப் பழுதுக்கு ஒரு நன்மையும் உண்டு என்றார். மகளின் புற்றுநோய்க் கலங்களில், அந்தச் செல்களில், தாய் கொடுத்த நல்ல பிரதி தொலைந்துவிட்டது. பழுதான பிரதி மட்டுமே மிச்சம். ஆகவே அந்தக் கலங்களுக்குத் தங்கள் டி.என்.ஏ.யைத் திருத்தத் தெரியாது. பிளாட்டினம் சேர்ந்த மருந்து டி.என்.ஏ.யை உடைக்கும்போது அவை செத்துப்போகும். மற்றக் கலங்களில் நல்ல பிரதி இருப்பதால் அவை தப்பிக்கொள்ளும்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அந்த வார்த்தைகளை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். நான் கொடுத்த பழுதுதான் மருந்துக்கு வழி விடுகிறது. ஒரு தகப்பன் பிடித்துக்கொள்ள அவ்வளவு போதுமாக இருந்தது.

முதல் முறை அது உண்மையாகவும் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மருந்துகள் சேர்த்து ஏற்றினார்கள். இரத்தத்தில் பார்க்கும் மார்க்கர் என்ற அளவு படிப்படியாக இறங்கி, சாதாரண ஆட்களின் அளவுக்கு வந்தது. பிறகு வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை. அதுவும் திருத்தத் தெரியாத கலங்களைக் குறிவைப்பதுதான். முடி வளர்ந்தது. முன்பு நேராக இருந்தது இப்போது சுருண்டு வந்தது. பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைகள் புது ஹேர்ஸ்டைல் நல்லாயிருக்கு மிஸ் என்றார்களாம்.

மாத்திரை குடித்துக்கொண்டிருக்கும்போதே மார்க்கர் மறுபடி ஏறியது.

பழைய இரண்டு மருந்துகளையே திரும்பவும் ஏற்றத் தொடங்கினார்கள். முதல் தடவை நன்றாக வேலை செய்த மருந்து, இடைவெளியும் போதுமானது, முயன்று பார்க்கலாம் என்றார் மருத்துவர். மார்க்கர் கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றது. அதற்கடுத்த சுற்றில் ஏறியது. ஆனால் முடி அதேபோலக் கொட்டியது. விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் நின்றாள். மனைவி அவளுக்குப் பொத்தான் பூட்டிவிட்டபடி, “பார், எவ்வளவு வருத்துது, கட்டாயம் கேக்கும்,” என்றாள். மகள் கைபேசியில் இரத்த முடிவைப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்ததை நான் கண்டேன். மனைவி காணவில்லை.

வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு கட்டியில் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்தார்கள். அதன் முடிவைக் கேட்க மூன்று பேரும் போனோம். மருத்துவர் பேசியதை நான் பாதிதான் விளங்கிக்கொண்டேன். மனைவிக்கு அந்த வேகத்தில் ஆங்கிலம் ஓடாது. வெளியே வந்ததும், “பிள்ளை, என்னவாம்?” என்றாள். ஆஸ்பத்திரிக் கன்டீனில் மூன்று தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு, தன் நோயைத் தானே தாய்க்கு விளங்கப்படுத்தினாள் மகள். வகுப்பில் படிப்பிக்கும் அதே குரல்.

“அம்மா, ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் இருக்கு. அந்தச் சுவரில சின்னச் சின்னப் பம்ப் இருக்கு. எங்கட எல்லாற்ற உடம்பிலயும் இருக்கிறதுதான், குடல்ல, ஈரல்ல. நஞ்சு வந்தா வெளியில தள்ளுறதுக்கு. என்ர கான்சர் செல்லுகள் அந்தப் பம்பை அளவுக்கு மிஞ்சி வைச்சிருக்கு. மருந்து உள்ள வர வர வெளியில தள்ளி விடுது.”

“ரெண்டு மருந்தையுமோ?”

“இல்லை, ஒண்டை. மற்றதை அந்தப் பம்ப் பிடிக்காது. அது உள்ள போய் டி.என்.ஏ.யை உடைக்குது. ஆனா இப்ப அவை அதைத் திருத்திப் போடுகினம்.”

“ஆர்?”

“செல்லுகள், அம்மா.”

“ஆக்களைச் சொல்லுற மாதிரி, அவை எண்டு மரியாதையா எல்லோ சொல்லுறாய்,” என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“எனக்குள்ள குடியிருக்கினம் அப்பா. வாடகை தராட்டியும் மரியாதை குடுக்க வேணும்.”

மனைவி சிரிக்கவில்லை. “உடம்பு மருந்துக்குப் பழகிப்போட்டுது எண்டு சொல்லன்.”

“அதுதான் இல்லை.” மகள் தன் கைவிரல்களை மேசையில் விரித்து வைத்தாள். “என்ர உடம்பு பழகவேயில்லை. விரல் மரத்துப்போச்சு, முடி கொட்டுது, சத்தி வருது. உடம்பு ஒவ்வொரு முறையும் முழு அடியும் வாங்குது. அவைக்கு மட்டும்தான் படேல்லை.”

“அப்ப அவை படிச்சிட்டினம்.”

“படிக்கவும் இல்லை அம்மா. கோடிக்கணக்கில இருக்கேக்க ஒண்டு ரெண்டு தற்செயலா மாறியிருக்கும். மருந்து மற்றதுகளை எல்லாம் அழிச்சுப்போட்டு, அந்த ஒண்டு ரெண்டுக்கு இடம் விட்டுக் குடுத்திருக்கு. அதுகள் பெருகும். அடுத்த முறையும் அப்பிடித்தான். ஒவ்வொரு சுற்றும் ஒரு சோதினை மாதிரி. பாஸ் பண்ணினவை மட்டும்தான் இப்ப மிச்சம்.”

தேநீர் ஆறிப்போனது. மனைவி முந்தானையால் மேசையில் இல்லாத ஈரத்தைத் துடைத்தாள்.

மகள் தாய்க்குச் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருந்தது. அதை மருத்துவர் சொன்னபோது அவள் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மரபணுவை உடம்பு மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்குமாம். நான் கொடுத்த பிரதியில் இரண்டு எழுத்துகள் இல்லை. அதனால் அந்த இடத்துக்குப் பிறகு எல்லாமே பிசகி, வாசிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. எடுத்த துண்டில் இருந்த கலங்களில், அதே இடத்துக்குக் கிட்ட இன்னும் ஓர் எழுத்து தொலைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றும் மூன்று. ஒரு சொல் குறைந்தாலும் மிச்ச வாசிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது. மரபணு மறுபடி வேலை செய்கிறது.

மகளின் கை, கால், கண், இரத்தம் எல்லாவற்றிலும் நான் கொடுத்த பழுது அப்படியே இருக்கிறது. புற்றுநோய் மட்டும் தன்னுடையதைத் திருத்திக்கொண்டது.

அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாட்கள் எடுத்தன. நான் வேலை செய்யும் கவுன்சில் அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய வீட்டு விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றும் மூன்று என்று எண்ணியபடி இருந்திருக்கிறேன். நான் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு பிடியும் கழன்றுவிட்டது.

இனி எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். அந்தக் கலங்களுக்குள் போய், வெளியே தள்ளப்படாமல், அங்கேயே தங்கி வேலை செய்யும் மருந்து ஒன்று மிச்சம் இருக்கிறதா?

ஒன்று இருக்கிறது என்றார் மருத்துவர். அந்தப் பம்ப் பிடிக்காத மருந்து. வாராவாரம் ஏற்றுவது, இடையில் ஒரு வாரம் ஓய்வு. நோயை முற்றாக அழிக்கும் என்று சொல்லவில்லை, பிடித்து வைத்திருக்குமா என்று பார்ப்போம் என்றார்.

மனைவி தன் வேலையைத் தொடங்கினாள்.

எங்கள் ஊரில் மருந்து சாப்பிடுபவர்களுக்குப் பத்தியம் உண்டு. மருந்து உடம்பில் பிடிக்க வேண்டுமானால் அதைக் கெடுப்பதெல்லாம் விலக்கு. கத்தரிக்காய், கணவாய், இறால், அன்னாசி, புளி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றினாள். மகள் அதற்கு ஒத்துக்கொண்டாள். வாய்க்கு எதுவுமே பிடிக்காதவளுக்கு எதை விலக்கினால் என்ன? ஆனால் மனைவி கன்டீனில் கேட்டதை மறக்கவில்லை. மருந்து வெளியே போகிறது. வெளியே போவதை மறிக்க வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்களே, அது மருந்தைக் கழுவிக்கொண்டு போகாதா?

மகளின் கட்டிலருகே எப்போதும் இருந்த தண்ணீர்ப் போத்தல் காணாமல் போனது. அதற்குப் பதிலாக மல்லி போட்டுக் காய்ச்சிய தண்ணீர், ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில், காலையும் மாலையும்.

“போத்தல் எங்க?” என்று கேட்டேன்.

“மருந்து உள்ள நிக்கட்டும். ரெண்டு நாளைக்குத்தானே. நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ.”

மகளைப் பார்த்தேன். “விடுங்கோ அப்பா,” என்றாள். “எனக்கு எப்பிடியும் தண்ணி இரும்பு மாதிரித்தான் கசக்குது. அம்மாவுக்கும் ஏதாவது செய்ய வேணும்.”

கணிதம் படித்தவள். கலத்தின் சுவரையும் சிறுநீரகத்தையும் வேறு வேறாகத் தெரிந்தவள். தெரிந்தும் தாய்க்காக அந்தக் கிண்ணத்தைக் குடித்தாள். ரெண்டு நாள் ஒரு வாரமானது. இடையில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தன.

அடுத்த தவணைக்குப் போனபோது, கீமோ பிரிவில் எங்களுக்குப் பழக்கமான ஒரு தாதி இருந்தார். மலேசியத் தமிழர், இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவர். மகளின் கையை வெந்நீரில் வைத்து, தட்டி, தடவி நரம்பு தேடினார். கிடைக்கவில்லை.

“என்னம்மா இது, நரம்பெல்லாம் ஒட்டிக்கிட்டு கிடக்கு? தண்ணி குடிக்கிறதே இல்லையா?”

மனைவிதான் முன்னே வந்தாள். “நான்தான் குறைச்சனான். மருந்து வெளியில போகாமல்.”

தாதி ஊசியைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். ஒரு கதிரையை இழுத்து மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஆன்ட்டி, அந்தப் பம்ப் கேன்சர் செல்லோட சுவர்ல இருக்கு. கண்ணுக்குத் தெரியாத சுவர் லா. சிறுநீரோட போறது வேற. செல்லுக்குள்ள வேலை செய்ய வேண்டிய மருந்து முதல் நாளே உள்ள போயிடும். மிச்சத்தை கிட்னி வெளிய அனுப்பியே ஆகணும். தண்ணி இல்லன்னா கிட்னிதான் அடி வாங்கும். செல்லு அது பாட்டுக்கு இருக்கும்.”

“அப்ப தண்ணி குடிச்சாலும் குடிக்காட்டியும்...”

“கேன்சருக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. பாப்பாவுக்குத்தான் கஷ்டம்.”

இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் களைத்திருந்தது தெரிந்தது. மருந்து ஏற்ற முடியாது என்று நிறுத்தி, சேலைன் போட்டு, வார்டில் படுக்க வைத்தார்கள். சில நாட்களில் சரியாகிவிட்டது. அடுத்த தவணை தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று மருத்துவர் பிறகு மனைவியைப் பார்த்தே சொன்னார். மகள் அதை ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். மனைவி கேட்டுத் தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

வார்டில் அன்று மாலை மகள் படுத்திருந்தபடி தாயைச் சீண்டினாள். “அம்மா, உங்கட பத்தியத்தால கான்சருக்கும் தாகம் எடுத்திருக்கும். பாவம்.”

“வாயை மூடு.”

“அவைக்கும் மல்லித் தண்ணி குடுத்தனீங்களோ?”

“உனக்கு எல்லாம் பகிடி,” என்று சொல்லி மனைவி அவளுடைய மொட்டைத் தலையில் மெதுவாகத் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

புது மருந்து உடம்பை அவ்வளவு வருத்தவில்லை. களைப்பு இருந்தது, இடையிடையே காய்ச்சல். சத்தி குறைந்தது. தலையில் மெல்ல முடி அரும்பத் தொடங்கியது. ஸ்கானில் கட்டிகள் வளரவில்லை, சுருங்கவும் இல்லை, அப்படியே நிற்கின்றன என்றார்கள். நான் அன்று வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, மகளோடு வாண்டில் ஆற்றங்கரையில் நடந்தேன். அவள் வழியிலிருந்த ஒவ்வொரு மர வாங்கிலும் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாள். எல்லோரும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டோம், மனைவியைத் தவிர.

“முடி வளருது,” என்று அவள் என்னிடம் குசினியில் அடுப்பருகே நின்று மெதுவாகச் சொன்னாள். அதைப் பயத்தோடு சொன்னாள். “வருத்தவும் இல்லை. மருந்து கேக்கேல்லைப் போல.”

“இந்த மருந்துக்கு முடி கொட்டாது எண்டு முதலே சொன்னவை.”

“எனக்குப் பயமாக் கிடக்கு.”

அவளுடைய கணக்கு பிழை. வருத்தமும் குணமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போவதில்லை என்பதை எங்களுக்கு அந்த நோயே காட்டியிருந்தது. முழுதாக வருத்திய மருந்து ஒன்றும் செய்யாமல் போனது. வருத்தாத மருந்து கொஞ்சக் காலம் பிடித்து வைத்திருந்தது. இருந்தும் அந்த முடி ஒரு விரற்கடை வளர்ந்து, மகள் கண்ணாடி முன் நின்று அதை வகிடெடுக்க முயன்ற வாரத்தில்தான் அடுத்த ஸ்கான் வந்தது. ஈரலில் புதிதாக ஒரு கட்டி வந்திருந்தது.

இந்த முறை அந்தக் கலங்கள் என்ன செய்தன என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். பம்ப் பிடிக்காத மருந்து என்றீர்களே என்றேன். தெரியவில்லை என்றார். இந்த மருந்து கலத்துக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். உள்ளே போன மருந்தை வேலைக்கு ஏற்றபடி மாற்ற ஒரு புரதம் வேண்டும், அதைக் கைவிட்டிருக்கலாம். மறுபடி ஊசி போட்டுத் துண்டு எடுத்தால் ஒருவேளை தெரியும். தெரிந்தாலும் இப்போது மாற்றிக் கொடுக்க என்னிடம் நல்லதாக ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு மருந்து இருக்கிறது. நோய் நிற்கும் வாய்ப்பு சிறிது, களைப்பு பெரிது. விரும்பினால் தருகிறேன் என்றார்.

எல்லோரும் மகளைப் பார்த்தோம். அவள் தன் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் உணர்ச்சி திரும்பி வரவேயில்லை.

“அம்மா,” என்றாள் தமிழில், மருத்துவரின் முன்னாலேயே. “இன்னொரு மருந்து இருக்காம். அதுவும் என்னைத்தான் அடிக்கும், அவையை அடிக்காது போல. எனக்கு இனி ஏலாது. நான் வேண்டாம் எண்டு சொல்லட்டோ?”

நான் வாய் திறந்தேன். வேண்டும் என்று சொல்லத்தான் திறந்தேன். சிறிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லையே. மனைவி என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள்.

“சொல்லு குஞ்சு,” என்றாள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். டூட்டிங் வந்ததும், எங்கள் தரிப்புக்கு முன்னாலேயே, மனைவி மணியை அழுத்தி எழுந்தாள். “நீங்கள் பிள்ளையோட வீட்டை போங்கோ, நான் வாறன்,” என்று இறங்கிப் போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

வந்தபோது கையில் டூட்டிங் தமிழ்க் கடையில் வாங்கிய இரண்டு பை. நேரே குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் வதங்கும் மணம், பிறகு கறித்தூள், பிறகு புளி. எட்டிப் பார்த்தேன். ஒரு சட்டியில் கணவாய். இன்னொன்றில் கத்தரிக்காய்க் குழம்பு. பலகையில் ஒரு அன்னாசி, பாதி வெட்டியபடி. விலக்கி வைத்ததெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்திருந்தது. அவள் எனக்கு முதுகு காட்டி நின்று அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

மகள் மணத்துக்கு எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கணவாயோ? பத்தியம் முடிஞ்சுதோ அம்மா?”

“ஓம்,” என்றாள் மனைவி, திரும்பாமல். “முடிஞ்சுது.”

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மருந்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. மகள் மேசையில் உட்கார்ந்து இரண்டு வாய் சோறும் ஒரு துண்டுக் கணவாயும் சாப்பிட்டாள். உறைக்குது என்றாள். மனைவி பெரிய கிளாஸ் ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து அவள் கைக்குள் வைத்தாள். விரல்கள் நழுவவிடுமோ என்று தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் முழுவதையும் குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

மகள் போய் ஒரு கோடை கடந்துவிட்டது. எனக்கும் அதே பழுது இருப்பதால் என்னையும் ஒழுங்காகப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். போகிறேன். இரத்தம் எடுக்கும் அறையில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காரும்போது, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்கிறார்கள். வீட்டிலிருந்து புறப்பட முன்னமே மனைவி குடிக்க வைத்துத்தான் அனுப்பியிருப்பாள்.